கண்ணாடி எங்கே போகிறது? செல்ஃபியை அனிமேவாக்கும் கேன் மாடல் உண்மையில் எதைக் கற்கிறது?

இளவேனில்

செல்ஃபியை அனிமே முகமாக மாற்றும் U-GAT-IT என்ற கேன் மாடலை இரண்டு வாரமாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண், முடி, தாடை எல்லாம் நன்றாகவே மாறுகின்றன. பல படங்களில் விளைவு அழகாகவும் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் என்னை விடாமல் உறுத்துகிறது. மூக்குக்கண்ணாடி போட்டவர் படத்தைக் கொடுத்தால், வெளிவரும் முகத்தில் கண்ணாடி இருப்பதில்லை. சில சமயம் மேல் இமைக்கோடு கொஞ்சம் தடித்து வருகிறது. சில சமயம் கண்ணுக்குக் கீழே அரைகுறையாக ஒரு கோடு விழுகிறது. மெல்லிய கம்பிச் சட்டம் என்றால் சுத்தமாகக் காணோம்.

"கேன் எல்லாம் பழசு, டிஃப்யூஷனுக்கு மாறிவிடு" என்கிறார் கூட வேலை செய்பவர். மாறுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காரணம் தெரியாமல் மாற மனம் வரவில்லை. இந்த மாடல் முகத்தைப் பற்றி எதைத்தான் கற்றிருக்கிறது? கண்ணாடியை ஏன் கற்கவில்லை?

அருவி_21

பயிற்சி போதாமல் இருக்கும். இதில் சைக்கிள் லாஸ் என்ற பிழைக்கணக்கு இருக்கிறதே. செல்ஃபி அனிமேவாகி, அந்த அனிமே மறுபடி செல்ஃபியாகும்போது பழைய படமே கிடைத்தாக வேண்டும். கண்ணாடி காணாமல் போனால் திரும்பி வரும் படத்திலும் அது இருக்காது, லாஸ் ஏறும், மாடல் தன்னைத் திருத்திக்கொள்ளும். அதனால் கண்ணாடி பற்றிய தகவல் தொலையவே வழியில்லை. சைக்கிள் லாஸின் எடை 10 என்று இருக்கும். அதை 50 ஆக்கிப் பாருங்கள்.

மைக்கூடு

புரொஃபைல் படத்துக்கு என்றால் ஏதாவது ஒரு ஆப் போதுமே? நான் போன வருடம் ஒன்றில் என் படத்தைக் கொடுத்தேன். எனக்கு நல்ல அடர்த்தியான தாடி. வெளிவந்த படத்தில் தாடியே இல்லை. தாடை கூராகி, கன்னத்துக்குக் கீழே ஒரு பழுப்பு நிழல் மட்டும் இருந்தது. நான் படம் வரைகிறவன், அந்த நிழலைப் பார்த்ததும் தாடியைத்தான் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. எந்த ஆப் நல்லது என்று யாராவது சொன்னால் எனக்கும் உதவும்.

தறிநூல்

மைக்கூடு, ஆப் பற்றிய கேள்வி இல்லை இது. ஆனால் "ஒளித்து வைத்திருக்கிறார்கள்" என்றீர்களே, அந்த வார்த்தை மிகச் சரி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் டேட்டாசெட். இந்த மாடலோடு வந்த `selfie2anime` தொகுப்பில் பயிற்சிக்கு 3400 செல்ஃபிகள், 3400 அனிமே முகங்கள். சோதனைக்கு இரண்டிலும் 100 வீதம். இரண்டு பக்கமும் பெண் முகங்கள் மட்டுமே, அளவு 256×256. இந்தச் செல்ஃபிக்கு இந்த அனிமே என்று எந்த ஜோடியும் கிடையாது. இரண்டு தனிக் குவியல்கள், அவ்வளவுதான். தாடி எப்படி இருக்கும் என்று ஒரு செல்ஃபியில்கூடப் பார்க்காத மாடலிடம் தாடியைக் கொடுத்தால், தெரிந்த ஒன்றாக, அதாவது நிழலாகத்தான், அது புரிந்துகொள்ளும். உங்கள் ஆப்பில் என்ன மாடல் இருந்ததோ தெரியாது, ஆனால் இந்த வகை மாடலில் அப்படித்தான் நடக்கும்.

கண்ணாடியின் கதை வேறு. செல்ஃபிப் பக்கம் கண்ணாடி போட்டவர்கள் இருக்கிறார்கள். அனிமே பக்கம் மிகக் குறைவு. நிஜமா போலியா என்று தீர்ப்புச் சொல்லும் டிஸ்கிரிமினேட்டருக்கு மூலச் செல்ஃபி காட்டப்படுவதே இல்லை. அதன் முன்னால் ஒரு முகம் வைக்கப்படும், "இது அந்த 3400 கூட்டத்தைச் சேர்ந்ததா?" என்பது மட்டும்தான் அதன் கேள்வி. கூட்டத்தில் கண்ணாடி அபூர்வம் என்றால், கண்ணாடியோடு வருவது சந்தேகத்துக்குரிய முகம். முகத்தை உண்டாக்கும் ஜெனரேட்டருக்கு அடி விழுகிறது. அடிக்குப் பயந்து அது கண்ணாடியைக் கழற்றிவிடுகிறது.

இப்போது அருவி சொன்ன சைக்கிள் லாஸ். தகவல் தொலையாது என்றது சரி. ஆனால் அந்தத் தகவல் நம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும் என்று அந்த லாஸ் எங்கே கேட்கிறது? திரும்பும் வழியில் இருக்கும் இரண்டாவது ஜெனரேட்டருக்குப் புரிந்தால் போதும். ஒருபக்கம் "கண்ணாடி தெரியக் கூடாது", மறுபக்கம் "கண்ணாடி திரும்பி வர வேண்டும்". இரண்டையும் சமாளிக்க ஒரே வழி, கன்னத்திலும் நெற்றியிலும் நம் கண்ணுக்குப் படாத மெல்லிய நிற வேறுபாடாகக் கண்ணாடியை எழுதி வைப்பது. இதே சைக்கிள் லாஸ் கொண்ட சைக்கிள்கேன் மாடல் வந்த 2017ஆம் ஆண்டிலேயே இதைக் கண்டுபிடித்து ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. வான்வழிப் படத்தை வரைபடமாக்கியபோது கூரை மேலிருந்த கரும்புள்ளிகள் வரைபடத்தில் இல்லை. ஆனால் வரைபடத்திலிருந்து திரும்ப உண்டாக்கிய வான்வழிப் படத்தில் அதே இடத்தில் புள்ளிகள் வந்து நின்றன.

இளவேனில், செல்ஃபியை அனிமேவாக்கும் `genA2B`, அதைத் திருப்பும் `genB2A` என்று உங்களிடம் இரண்டு ஜெனரேட்டரும் இருக்கின்றனவே, நீங்களே சோதித்துப் பாருங்கள்.

```python
fake = genA2B(x)[0]
back = genB2A(fake)[0]
noisy = (fake + 0.03 * torch.randn_like(fake)).clamp(-1, 1)
back2 = genB2A(noisy)[0]
```

படத்தின் மதிப்பு −1 முதல் 1 வரை என்பதால், தற்செயலாகத் தூவும் இந்த 0.03 நாய்ஸ் 255இல் நான்கு அளவுதான். திரையில் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. `back`-இல் கண்ணாடி இருந்து `back2`-இல் இல்லையென்றால், அது ஒளித்து எழுதப்பட்டிருந்தது என்று கொள்ளலாம்.

இளவேனில்

ஓட்டினேன். கை நடுங்கிவிட்டது, உண்மையாகவே.

மெல்லிய வட்டக் கண்ணாடி போட்ட ஒருவரின் படம். அனிமே முகத்தில் கண்ணாடி இல்லை, பெரிதாக்கிப் பார்த்தாலும் இல்லை. ஆனால் `back`-இல் அதே வட்டச் சட்டம், இடது காதுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்ததுகூட அதே சாய்வில் திரும்பி வருகிறது. `back2`-இல் முகம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, கண்ணாடி மட்டும் போய்விட்டது. கண்ணைச் சுற்றி ஒரு மங்கல்.

இன்னொருவர் படத்தில் மட்டும் வேறு மாதிரி. தடித்த கறுப்புச் சட்டம். நாய்ஸ் சேர்த்த பிறகும் கண்ணாடி திரும்பி வந்தது, ஆனால் சட்டத்தின் மேல்பாதி மட்டும். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

தறிநூல்

அந்த இரண்டாவது படத்தின் அனிமே முகத்தில் இமைக்கோடு தடித்து வந்திருக்கும், பாருங்கள். தடித்த சட்டத்தின் மேல்கோட்டை மறைக்காமலே அனிமே பாணிக்குள் நுழைக்க இடம் இருக்கிறது. அனிமே கண்ணுக்கு மேலிமை கறுப்பாகத் தடிப்பாகத்தானே இருக்கும். எனவே அந்தப் பாதி வெளிப்படையாகவே இமையாக மாறிவிட்டது, நாய்ஸால் அதை அழிக்க முடியவில்லை. கீழ்ச்சட்டத்துக்கு அப்படி ஒரு வேஷம் கிடைக்கவில்லை.

இந்த மாடல் கற்றது என்ன என்று கேட்டீர்களே, பெரும்பகுதி இதுதான் என்பேன். செல்ஃபியில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் அனிமே கூட்டத்துக்குள் செல்லுபடியாகும் ஒரு வேஷம் தேடுகிறது. கிடைத்தால் போட்டுக்கொள்கிறது, கிடைக்காவிட்டால் ஒளித்து வைக்கிறது. "கண்ணாடி" என்ற பொருள் ஒன்று உலகில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

எடையை 50 ஆக்கினால் ஒளிப்பது இன்னும் திறமையாகும், அல்லது முகம் மாறாமல் செல்ஃபி நிறத்தோடே தேங்கும். கண்ணாடி வெளியே வராது.

அருவி_21

சரி, எடை விஷயத்தில் நான் சொன்னது தவறு. ஆனால் சோதனையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. நாய்ஸ் கலந்த படத்தை `genB2A` பயிற்சியில் பார்த்ததே இல்லை. பழக்கமில்லாத உள்ளீடு வந்ததால் தடுமாறிச் சின்ன விவரங்களை விட்டுவிட்டது என்றும் சொல்லலாமே? இன்னொன்று, செல்ஃபிக் குவியலில் கண்ணாடி நிறைய இருந்தால், எந்த முகத்தைக் கொடுத்தாலும் அது தானாகவே கண்ணாடி மாட்டிவிடக்கூடும் அல்லவா?

தறிநூல்

இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள். இரண்டாவதை எளிதாகச் சரிபார்க்கலாம். கண்ணாடி இல்லாத நிஜ அனிமே முகங்களை `genB2A`-க்குக் கொடுங்கள். அவற்றுக்கும் கண்ணாடி முளைத்தால் என் விளக்கம் விழும். அதே முகங்களில் அதே அளவு நாய்ஸ் சேர்த்தும் ஒரு முறை ஓட்டுங்கள். நாய்ஸால் தடுமாறுகிறது என்றால் அங்கேயும் முடி இழை, பல் போன்ற சின்ன விவரங்கள் கெட வேண்டும்.

இளவேனில்

நிஜ அனிமே முகங்கள் எதற்கும் கண்ணாடி வரவில்லை. நாய்ஸ் சேர்த்தபோது பெரும்பாலும் அதே முகம்தான் வந்தது. சிலவற்றில் முடி இழைகள் கொஞ்சம் மழுங்கின. ஆக, அருவி சொன்னதும் ஓரளவு நடக்கிறது.

கதிரொளி

இந்த மாதிரி மாடல்களைக் கைபேசியில் ஓட்டும் வேலை எனக்கு. அந்த ஒளிந்த எழுத்தால் வரும் ஒரு தொல்லையைச் சொல்கிறேன். வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமாகக் கொடுக்கும்போது, தலை இம்மி அளவு திரும்பினாலும் கன்னத்து நிறம் மினுங்கும். ஏன் என்று பல நாள் தெரியாமல் தவித்தேன். மூலத்தின் சின்ன மாற்றங்களைக்கூட எங்காவது எழுதி வைத்தாக வேண்டிய கட்டாயம் அதற்கும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் கேன் செத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு முறை நெட்வொர்க் வழியே போய்வந்தால் படம் தயார். டிஃப்யூஷனில் அதே படத்துக்கு இருபது, முப்பது முறை போய்வர வேண்டும். படிகளைக் குறைத்த வகைகளும் இருக்கின்றன, ஆனால் அந்த மாடல்களின் உடம்பே பெரிது.

அப்புறம், கேன் மாடல் ஒரே படத்துக்கு ஒரே விடை கொடுக்கும். அதைக் குறை என்பார்கள். நேரலை வீடியோவுக்கு எனக்கு வேண்டியதே அதுதான்.

மைக்கூடு

கேள்வியை முதலில் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். வரைகிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா?

அனிமே பாணியில் கண்ணாடி வரைவதற்கு ஒரு வழக்கம் உண்டு. சட்டத்தின் மேல்கோட்டைப் பல பேர் வரையவே மாட்டோம், அல்லது நடுவில் விட்டுவிடுவோம். வரைந்தால் கண்ணின் மேலிமையோடு மோதி இரண்டு தடித்த கோடுகள் ஒன்றாகிவிடும், பார்வையின் உணர்ச்சி செத்துப்போகும். அதனால் கீழ்ச்சட்டத்தையும் மூக்குப்பாலத்தையும் மட்டும் வைத்துக் கண்ணாடியைக் காட்டிவிடுவோம். உங்கள் மாடல் நேர்எதிராகச் செய்திருக்கிறது. மேல்கோட்டை இமையாக்கி வைத்துக்கொண்டு கீழ்க்கோட்டை மறைத்துவிட்டது. ஓவியன் எதை விடுவது என்று முடிவெடுக்கும்போது, பார்ப்பவருக்கு இது கண்ணாடி என்று புரிய வேண்டும் என்பதே கணக்கு. அந்தக் கணக்கு இந்த மாடலிடம் எந்த இடத்திலும் இல்லை போலிருக்கிறது.

தறிநூல்

இல்லை. நீங்கள் சொன்னதை லாஸாக எழுத முடிந்திருந்தால் இந்த இழையே வேண்டியிருக்காது.

சரி, டிஃப்யூஷனுக்கு வருகிறேன். அங்கே கூட்டத்துக்குக் காவல் நிற்கும் டிஸ்கிரிமினேட்டர் இல்லை. ஒரு படத்தில் நாய்ஸைக் கலந்து, "கலந்த நாய்ஸ் எது?" என்று கேட்பதுதான் பயிற்சி. ஒவ்வொரு படத்துக்கும் அதன் கணக்கு தனி. கண்ணாடி போட்ட அனிமே முகம் நூறில் ஒன்றாக இருந்தாலும், அதன் முறை வரும்போது அதைச் சரியாகச் செய்யாவிட்டால் அங்கே பிழை ஏறும். கேனில் அப்படி இல்லை. அபூர்வமானதை ஒட்டுமொத்தமாக விட்டுவிட்டாலும் டிஸ்கிரிமினேட்டர் அதைக் கவனிக்காமல் போக வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அது வந்து நிற்பவற்றைத்தான் சோதிக்கிறது, வராதவற்றைத் தேடிப் போவதில்லை.

இதோடு ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாடல்கள் 2022இலிருந்து எழுத்து விவரத்தோடு சேர்ந்த மிகப் பெரிய படக்குவியலில் கற்றவை. கண்ணாடி போட்ட புகைப்படத்தையும் கண்ணாடி போட்ட ஓவியத்தையும் ஒரே சொல்லின் கீழ் பார்த்திருக்கின்றன. இரண்டு உலகத்துக் கண்ணாடியையும் இணைக்கும் பாலம் அந்தச் சொல். 3400 படக் குவியலில் அந்தப் பாலம் கிடையாது.

இளவேனில்

அதே வட்டக் கண்ணாடிப் படத்தை, எழுத்தில் "கண்ணாடி" என்றும் கொடுத்து, அனிமே பாணி டிஃப்யூஷன் மாடலில் படத்திலிருந்து படம் முறையில் ஓட்டினேன். விளைவை அப்படியே எழுதுகிறேன்.

மூலப்படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் `strength` 0.35இல் புகைப்படம் தோலை மெழுகி விட்டது போல இருக்கிறது. அனிமே இல்லை. கண்ணாடி அப்படியே. 0.75இல் அருமையான அனிமே முகம், கண்ணாடியும் இருக்கிறது. ஆனால் அது அவருடைய கண்ணாடி இல்லை. மெல்லிய வட்டச் சட்டம் தடித்த சதுரச் சட்டமாகிவிட்டது. முகமும் யாரோ ஒருவருடையது, அவருடைய சாய்ந்த புன்னகை போய்விட்டது. 0.55இல் இரண்டும் பாதிப்பாதி. தற்செயல் நாய்ஸைத் தீர்மானிக்கும் விதை எண்ணை மாற்றினால் ஒவ்வொரு முறையும் வேறு சட்டம்.

கேன் கண்ணாடியை ஒளித்தது, ஆனால் சாய்வுகூட மாறாமல் வைத்திருந்தது. இங்கே கண்ணாடி கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் வேறொருவருடையது. எதை நல்லது என்பது?

தறிநூல்

இந்தக் கடைசி வரியை நான் எழுதியிருக்கலாமே என்று இருக்கிறது.

0.75 என்றால் மூலப்படத்தின் மேல் அவ்வளவு நாய்ஸ் கொட்டிவிட்டு அங்கிருந்து துடைத்துக்கொண்டு வருகிறோம். நாய்ஸ் முதலில் அழிப்பது மெல்லிய விவரங்களை. முகம் எங்கே இருக்கிறது, முடி கறுப்பா என்பன தப்பிவிடும். கம்பிச் சட்டம் தப்பாது. "கண்ணாடி" என்று நீங்கள் எழுத்தில் கொடுத்ததால் மாடல் தனக்குத் தெரிந்த ஒரு கண்ணாடியை மாட்டிவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த மாடல்கள் 512×512 படத்தை 64×64 கட்டங்களாகச் சுருக்கித்தான் வேலை செய்கின்றன. எட்டு பிக்சல் ஒரு கட்டம். உங்கள் படத்தில் சட்டத்தின் தடிப்பு மூன்று, நான்கு பிக்சல் இருந்தால் அது அரைக் கட்டம்தான். முகம் படத்தில் கால்வாசி அகலம் மட்டும் என்றால் மொத்த முகத்துக்கே பதினாறு கட்டம் அகலம். முகத்தை நெருக்கமாக வெட்டி, பெரிதாக்கிக் கொடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

விளிம்புக் கோடுகளைத் தனியே கொடுத்துக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல்நெட் 2023இல் வந்தது. சட்டத்தின் வடிவம் வேண்டும் என்றால் அதைச் சேருங்கள்.

இளவேனில்

நெருக்கமாக வெட்டியதும் சட்டம் மெலிந்துவிட்டது, ஆனால் வட்டம் ஆகவில்லை. கன்ட்ரோல்நெட் சேர்த்ததும் வட்டமே வந்தது, சாய்வோடு! ஆனால் புன்னகையின் போது கன்னத்தில் விழும் மடிப்பையும் ஒரு விளிம்பு என்று எடுத்துக்கொண்டு கோடாக வரைந்துவிட்டது. இருபது வயதுக்காரர் ஐம்பது வயதுக்காரராகத் தெரிகிறார்.

மைக்கூடு

புகைப்படத்தைக் கீழே வைத்து அப்படியே கோடு இழுக்கும் புதியவர்கள் எல்லாருக்கும் நடப்பது இது. மூக்கோரத்திலிருந்து வாய்க்கு வரும் மடிப்பைக் கோடாகப் போட்டால் வயது கூடிவிடும், அதை நிழலாகக் கூடப் போடாமல் விட வேண்டும். விளிம்புப் படத்தில் அந்தக் கோடுகளை நீங்களே அழித்துவிட்டுக் கொடுக்க முடியாதா? இரண்டு நிமிட வேலை.

கதிரொளி

ஒரு படத்துக்கு முடியும். ஆயிரம் படத்துக்கு முடியாது. அதனால்தான் நான் கேட்கிறேன், கேனையே சரிசெய்ய வழியில்லையா? கண்ணாடி போட்ட அனிமே முகங்களைக் குவியலில் கூட்டினால்?

தறிநூல்

கூட்டலாம். செல்ஃபிப் பக்கம் கண்ணாடி எத்தனை பங்கோ, அனிமே பக்கமும் ஏறக்குறைய அத்தனை பங்கு இருக்கும்படி செய்யுங்கள். அப்போது கண்ணாடிக்கு வேஷம் தேட வேண்டிய அவசியம் குறையும். கூடவே, பயிற்சியின்போதே `fake`-க்கும் `genB2A`-க்கும் இடையில் அந்த 0.03 நாய்ஸைச் சேர்த்துவிடுங்கள். ஒளித்து எழுதினால் அழிந்துபோகும் என்று ஜெனரேட்டர் கற்றுக்கொள்ளும், வெளிப்படையாக எழுதப் பழகும். இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். நாய்ஸ் மட்டும் சேர்த்தால் ஒளிக்கவும் முடியாமல் காட்டவும் முடியாமல் கண்ணாடியைக் கைவிட்டுவிடக்கூடும்.

அருவி_21

எனக்கு இன்னும் ஒன்று ஒப்பவில்லை. 3400 படம் பார்த்த கேனையும் கோடிக்கணக்கில் பார்த்த டிஃப்யூஷனையும் பக்கத்தில் வைத்து, "டிஃப்யூஷன் முறை மேல்" என்பது நியாயமா? வென்றது முறையா, குவியலா? அதே 3400 அனிமே முகத்தில் மட்டும் ஒரு சிறிய டிஃப்யூஷன் மாடலைப் பழக்கி, அதில் செல்ஃபியைப் போட்டால் கண்ணாடி வருமா?

தறிநூல்

வராது என்று நினைக்கிறேன், ஏனென்றால் பாலம் கிடையாது. ஆனால் நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். குவியலில் இருக்கும் சில கண்ணாடி முகங்களை அது கைவிடாமல் வைத்திருக்கும் என்பதால், செல்ஃபியின் சட்டம் நாய்ஸுக்குப் பிறகும் லேசாக எஞ்சியிருந்தால் அந்தப் பக்கம் சாயலாம். கேன் மாதிரி ஒளிக்காது என்பது மட்டும் உறுதி. ஒளித்து வைக்கச் சொல்லும் லாஸ் அங்கே இல்லை.

இளவேனில்

இந்த வார இறுதியில் இரண்டையும் தொடங்குகிறேன். ஒன்று, கண்ணாடி முகங்கள் கூட்டி, இடையில் நாய்ஸ் சேர்த்த கேன். இன்னொன்று, அருவி கேட்ட சிறிய டிஃப்யூஷன், 256 அளவிலேயே, சுருக்கும் கட்டங்கள் இல்லாமல். மைக்கூடு, கீழ்ச்சட்டமும் மூக்குப்பாலமும் மட்டும் உள்ள அனிமே முகங்களையும் குவியலில் சேர்க்கலாமா, அல்லது முழுச்சட்டம் உள்ளவை மட்டும் போதுமா?

மைக்கூடு

இரண்டையும் சேருங்கள், ஆனால் தனித்தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்கோடு இல்லாதவற்றை மட்டும் கொண்டு ஒருமுறை ஓட்டினால், அந்தத் தடித்த கறுப்புச் சட்டக்காரரின் இமை என்ன ஆகிறது என்று பார்க்க எனக்கு ஆசை.